அப்பா பாலிசியை ரத்து செய்ய மாட்டேன் என்கிறார், காரணம் மேனேஜர் செய்த உதவி

வைகைக்கரை · சனி, இரவு 9:40

இன்சூரன்ஸ் பற்றிய கேள்விதான், ஆனால் பாலிசியைவிட அப்பாவின் மனசுதான் எனக்குப் பெரிய சிக்கலாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அப்பா ரயில்வேயில் டெக்னீஷியனாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றார். வயது 61. ஓய்வூதியம் மாதம் 31,000. பணிக்கொடை எல்லாம் சேர்த்து 14 லட்சம் சேமிப்புக் கணக்கில் கிடந்தது. ஓய்வூதியம் வருகிற அதே பேங்க், அதே கிளை. மேனேஜர் ஒருநாள் அப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, காபி வாங்கிக் கொடுத்து, "பணம் இப்படிச் சும்மா கிடக்கலாமா சார்" என்று ஆரம்பித்திருக்கிறார். முடியும்போது அப்பா 2 லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுத்திருந்தார். எஃப்.டி. மாதிரி ஒரு தடவை போட்டால் போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் வீட்டுக்குப் போனபோது பத்திரத்தைப் பார்த்தேன். வருடம் 2 லட்சம், 10 வருடம் கட்ட வேண்டும். 15-ஆம் வருட முடிவில் 33 லட்சம் வரும். அப்பாவின் ஆறு மாத ஓய்வூதியத்துக்கு மேல் ஒவ்வொரு வருடமும், அவருக்கு 70 ஆகும் வரை.

பத்திரம் கைக்கு வந்து 19 நாள் ஆகிறது. ரத்து செய்யலாம் என்றால் அப்பா முடியாது என்கிறார். ஓய்வூதிய ஆணையில் இவர் பெயரின் எழுத்து தப்பாக இருந்ததைத் திருத்திக் கொடுத்தவர் இந்த மேனேஜர். நவம்பரில் அப்பா கால் முறிந்து படுத்திருந்தபோது உயிர்வாழ் சான்றிதழுக்காக வீட்டுக்கே ஆள் அனுப்பியிருக்கிறார். "அந்த மனுஷன் முகத்துல எப்படிடா முழிக்கிறது? நானே சரின்னு சொல்லி கையெழுத்தும் போட்டிருக்கேன்" என்கிறார்.

மேனேஜர் செய்தது சாமர்த்தியமான விற்பனையா, ஏமாற்றா? அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

மல்லிகா திருச்சி · சனி, இரவு 10:05

தம்பி பயப்படாதீங்க. பேங்க்ல போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரைக்கும் காப்பீடு இருக்கு. பேங்க் மூழ்கினாலும் திரும்பி வரும்.

வைகைக்கரை · சனி, இரவு 10:12

அக்கா, அது டெபாசிட்டுக்கு. இது டெபாசிட்டே இல்லை என்பதுதான் பிரச்சினை.

பாலிசி பாண்டி · சனி, இரவு 10:50

நான் 19 வருஷமாக ஏஜென்ட். ஒரு கட்சி மட்டும் பேசக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இன்சூரன்ஸ் யாரும் தானாக வந்து வாங்குகிற பொருள் இல்லை. நான் ஒரு குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் போய் நிற்கிறேன். பத்து வருஷம் கழித்து அவர்களில் ஒருவர் என்னிடம் பாலிசி எடுக்கிறார். இதை மனசை மயக்கும் வித்தை என்றால், ஊரில் எந்த வியாபாரமும் நடக்காது. உங்கள் அப்பா படித்தவர், சர்வீஸ் பார்த்தவர். கையெழுத்துப் போடுமுன் படித்திருக்க வேண்டும். 20 லட்சம் போட்டு 33 லட்சம் என்பது 65 சதவீத லாபம், அதுவும் உறுதியாக. குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்னொன்று, ரத்து செய்ய 15 நாள்தான். 19 ஆகிவிட்டது என்றால் வண்டி போய்விட்டது. மனசைத் தேற்றிக்கொண்டு கட்டச் சொல்லுங்கள். நானாக இருந்தால் முதல் பிரீமியத்தில் கொஞ்சம் கையிலிருந்து போட்டிருப்பேன், அதுதான் உண்மையான சர்வீஸ்.

பழைய லெட்ஜர் · ஞாயிறு, காலை 6:30

பேங்கில் 33 வருடம் இருந்தேன், கடைசி ஏழு வருடம் கிளை மேலாளராக. இந்த மாதிரி பாலிசிகளை நானும் விற்றிருக்கிறேன். அதனால் உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அவசரமானது. பாண்டி சொல்வது பழைய கணக்கு. 2024-இல் விதி மாறியது. பத்திரம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் வரை திருப்பிக் கொடுக்கலாம். 11 நாள் இருக்கிறது. கடிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள், பேங்குக்கு இல்லை. அப்பாவின் கையெழுத்து, பாலிசி எண், ரத்து செய்த காசோலை, அசல் பத்திரம் எல்லாம் வேண்டும். காரணம் ஒரே வரி: "ஒருமுறை கட்டினால் போதும் என்று சொல்லப்பட்டது, பத்திரத்தில் 10 ஆண்டு என்று இருக்கிறது." கம்பெனியின் கிளையில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். அதே நாளில் மின்னஞ்சலும் போடுங்கள். முத்திரைச் செலவையும் இத்தனை நாள் உயிர்க்காப்புக்கான தொகையையும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பேங்கில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "மேனேஜர் லீவு, திங்கட்கிழமை வாங்க" என்பார்கள். அப்புறம் "வேற பிளானுக்கு மாத்தித் தரேன்" என்பார்கள். 31-ஆம் நாள் வந்துவிடும்.

பாண்டி, கையிலிருந்து பிரீமியம் போடுவது சர்வீஸ் இல்லை. இன்சூரன்ஸ் சட்டம் 41-ஆம் பிரிவில் அது குற்றம், 10 லட்சம் வரை அபராதம் உண்டு. வாங்கிக்கொள்பவருக்கும் அதில் தடை இருக்கிறது. கமிஷனில் ஒரு பங்கைக் கையில் திணித்துவிட்டால் வாங்குபவர் பாலிசியைப் பார்க்க மாட்டார், உங்கள் தாராளத்தைத்தான் பார்ப்பார் என்று சட்டம் எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

65 சதவீதத்துக்கு வருகிறேன். எக்செல்லில் ஒரு பத்தியில் 10 தடவை -200000, அதன் கீழே ஐந்து 0, கடைசியில் 3300000 என்று போட்டு,

```
=IRR(A1:A16)
```

என்று தட்டுங்கள். 4.8 சதவீதம் வரும். 15 வருடம் பூட்டி வைத்ததற்கு வருடத்துக்கு அவ்வளவுதான். பொய்யான எண்ணை யாரும் சொல்லவில்லை. உண்மையான எண்ணைத் தப்பான அளவுகோலில் காட்டியிருக்கிறார்கள்.

துணிக்கடை சரவணன் · ஞாயிறு, காலை 11:20

எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஈரோட்டில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கல்யாண ஜவுளி எடுக்க வருகிற குடும்பத்துக்கு உட்கார்ந்ததும் காபி, குழந்தைக்கு பிஸ்கட். ஐம்பது புடவை பிரித்துப் போட்ட பிறகு ஒன்றும் எடுக்காமல் எழுந்திருக்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், தாத்தாவுக்கும் தெரிந்திருக்கும். அப்படியானால் நானும் மேனேஜரும் ஒன்றா? வேறுபாடு இருக்கிறது என்று மனசு சொல்கிறது, ஆனால் வாயால் சொல்ல வரவில்லை.

நிலா · ஞாயிறு, மதியம் 1:15

சரவணன் அண்ணா, கூச்சம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குக் கல்லூரியில் படித்த ஒரு சோதனை ஞாபகம் வருகிறது. 1971-இல் டென்னிஸ் ரீகன் என்பவர் செய்தது. கூட இருந்த ஆள் வெளியே போய், கேட்காமலேயே ஒரு கோலா வாங்கி வந்து கொடுப்பார். கொஞ்ச நேரம் கழித்து லாட்டரிச் சீட்டு வாங்கிக்கொள்கிறீர்களா என்பார். கோலா கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. கொடுத்த ஆளைப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது கோலா குடித்தவர்களிடம் பெரிதாக எடுபடவில்லை. பிடிக்காத ஆளுக்கும் கடன் கடன்தான்.

அப்பா மேனேஜர் மீது கோபமாக இருந்தாலும் ரத்து செய்யத் தயங்கியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அவர் நல்லவரா என்று வீட்டில் வாதம் செய்து பயனில்லை.

பழைய லெட்ஜர் · ஞாயிறு, மாலை 5:45

சரவணன் கேட்டது நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் காபி உங்கள் காசு. கொடுக்கிற இடமும் ஜவுளிக்கடை. வந்தவருக்கு அது வியாபாரக் காபி என்று தெரியும், குடித்துவிட்டு எழுந்து போனவர்களும் இருப்பார்கள். ஓய்வூதிய ஆணையில் எழுத்துப் பிழை திருத்துவது அப்படி இல்லை. அது பேங்க் செய்ய வேண்டிய வேலை. அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். வாடிக்கையாளருக்கு உரிமையாக வர வேண்டியதை எடுத்து, நானே கொடுத்த மாதிரி கொடுத்து, அதன் பேரில் கடனாளி ஆக்குகிறோம். நான் செய்தது அதைத்தான். நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வரிசையில் நிற்கிற பெரியவரைப் பார்த்து "சார், நீங்க உள்ள வாங்க, உட்காருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரை வரிசையில் நிற்க வைத்ததே நாங்கள்தான். கவுன்டருக்கு ஒரு ஆள் குறைவாகப் போட்டிருப்போம்.

அடுத்தது, "நானே சரின்னு சொல்லியிருக்கேன்" என்பது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அது ஒரே தடவையில் சொன்ன சரி இல்லை. நாங்கள் பேசுகிற வரிசை இது. பேத்திக்கு என்ன வயசு சார்? ஏழு. படிப்புக்கு ஏதாவது ஒதுக்கியிருக்கீங்களா? இன்னும் இல்லை. ஒதுக்கணும் இல்ல? ஆமா. வருஷம் எவ்வளவு தள்ளி வைக்க முடியும், ஒரு ரெண்டு? பார்க்கலாம். இதில் எந்தப் பதிலும் பாலிசிக்குச் சொன்னது இல்லை. தாத்தாவாகச் சொன்னது. பத்து நிமிஷம் கழித்து நான் படிவத்தைத் திருப்பி வைத்து, "நீங்க சொன்ன மாதிரியே போட்டிருக்கேன் சார்" என்பேன். அதை மறுத்தால் பேத்தி பற்றிச் சொன்னதையும் சேர்த்து மறுத்த மாதிரி ஆகிவிடும். இன்றைக்கு வரைக்கும் யாரும் அந்த இடத்தில் மறுத்து நான் பார்த்தது குறைவு.

அதற்குப் பிறகு ஓடிபி. "ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க." அந்த நம்பர் முன்மொழிவுப் படிவத்துக்கும், எவ்வளவு கட்டி எவ்வளவு வரும் என்ற அட்டவணைக்கும் போட்ட கையெழுத்து என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பணம் கழிகிறது, அதற்கான நம்பர் என்று நினைத்துக்கொள்வார்கள். கடைசியாகக் கம்பெனியிலிருந்து ஒரு சரிபார்ப்பு அழைப்பு வரும், பதிவாகிற அழைப்பு. வைகைக்கரை, அதைப் பற்றி அப்பாவிடம் கேட்டீர்களா?

பத்திரத்தோடு முன்மொழிவுப் படிவத்தின் நகலும் இருக்கும். அதில் ஆண்டு வருமானம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

வைகைக்கரை · ஞாயிறு, இரவு 8:30

சார், பார்த்தேன். வருமானம் 9 லட்சம் என்று இருக்கிறது. தொழில் "வியாபாரம்". அப்பா வாழ்க்கையில் வியாபாரம் என்று செய்தது, பழைய சைக்கிளை விற்றதுதான்.

அழைப்பு வந்ததாம். அது வருமுன்பே மேனேஜர் போன் செய்து, "ஒரு பொண்ணு பேசும், எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க சார், இல்லேன்னா பிராசஸ் நின்னுடும்" என்றாராம். அந்தப் பெண் 10 வருடம் கட்ட வேண்டும் என்று தெரியுமா என்றுகூடக் கேட்டிருக்கிறாள். அப்பா ஆமா என்றிருக்கிறார். "கேட்டப்போ திக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா அவர்தான் ஆமான்னு சொல்லச் சொன்னாரே" என்கிறார்.

பழைய லெட்ஜர் · ஞாயிறு, இரவு 9:10

9 லட்சம் எதற்கு என்றால், 3 லட்சத்து 72 ஆயிரம் ஓய்வூதியத்தில் 2 லட்சம் பிரீமியம் என்று எழுதினால் கம்பெனியிலேயே கேள்வி வரும். இனிமேல் இதை நான் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். பேத்தியை வைத்துப் பேசியது வரைக்கும் விவாதிக்கலாம். வருமானத்தை மாற்றி எழுதியதும், ஆமா சொல்லச் சொல்லிக்கொடுத்ததும் வேறு வகை. அந்த அழைப்பு இருப்பதே இப்படி விற்றதைப் பிடிப்பதற்காக. அதையே அப்பாவுக்கு எதிரான சாட்சியாக மாற்றிவிட்டார்.

இதனால்தான் 30 நாளைத் தவற விடாதீர்கள் என்கிறேன். இப்போது ரத்து செய்தால் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நாள் கடந்தால் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலர், அங்கே சரிவராவிட்டால் அல்லது ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் என்று போகலாம். கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை இழப்பீட்டுக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே கம்பெனி முதலில் போட்டுக் காட்டுவது அப்பாவின் குரலில் இருக்கிற அந்த "ஆமா"வைத்தான்.

பாலிசி பாண்டி · ஞாயிறு, இரவு 10:20

30 நாள் என்பதை ஒத்துக்கொள்கிறேன், தகவலுக்கு நன்றி. பிரீமியம் போடுகிற விஷயத்தில் எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான், ஆனாலும் சட்டம் சட்டம்தான், விடுங்கள்.

வருமானத்தை மாற்றியது அயோக்கியத்தனம். அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லணும். என்னிடம் வருகிறவர் என்னை ஏஜென்ட் என்று தெரிந்தே பேசுகிறார். கமிஷன் உண்டு என்று தெரியும். சந்தேகத்தோடுதான் டீயே குடிப்பார். பேங்க் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து விற்கும்போது அந்தச் சந்தேகமே வருவதில்லை. நாங்கள் பத்து வீடு ஏறி இறங்கி வாங்குகிற நம்பிக்கை அவர்களுக்குப் போர்டிலேயே இருக்கிறது. இதில் எனக்கு வயிற்றெரிச்சலும் உண்டு, மறைக்கவில்லை.

நிலா · திங்கள், காலை 8:00

பாண்டி அண்ணா சொன்னதுதான் சரியான இடம். டெபாசிட் பற்றி மேனேஜர் சொன்னால் நம்பலாம், அது அவர் வேலை. பாலிசி விஷயத்தில் பேங்க் வெறும் ஏஜென்ட். ஒரே பேங்க் ஒன்பது ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் வரை ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம். "நம்ம பேங்க் ஸ்கீம்" என்று சொன்னாரா வைகைக்கரை? சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் லெட்ஜர் ஐயா, உங்கள் காபிக் கணக்கு எனக்கு முழுதாக ஒப்பவில்லை. எழுத்துப் பிழை திருத்தியது பேங்கின் கடமை, சரி. கால் முறிந்தபோது வீட்டுக்கு ஆள் அனுப்பியது? நினைத்திருந்தால் அவர் அதைத் தட்டிக்கழித்திருக்கலாம், தட்டிக்கழிக்கவில்லை. அது அவராகவே செய்த உதவியாக இருக்கலாம். விற்கும் எண்ணமே அன்றைக்கு இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்த உண்மையான உதவியைப் பிறகு பாலிசிக்குப் பயன்படுத்தினால் அது என்ன? உங்கள் அளவுகோலின்படி அது சரவணன் அண்ணாவின் காபி மாதிரி ஆகிவிடுகிறதே.

பழைய லெட்ஜர் · திங்கள், காலை 9:25

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நேர்மையாகச் சொன்னால், நான் வீடுகளுக்குப் போனபோது எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரிந்ததில்லை. போகும்போது பரிவுதான் இருக்கும். திரும்பி வரும்போது அந்த வீட்டுப் பெயர் மார்ச் மாதப் பட்டியலில் ஏறியிருக்கும். மேலிடத்திலிருந்து காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் போன் வரும், "எத்தனை லாகின்?" என்று, அதாவது எத்தனை பாலிசி படிவம் ஏற்றினீர்கள் என்று. எது முதலில் வந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

துணிக்கடை சரவணன் · திங்கள், மதியம் 12:40

எனக்கு ஒன்று புரிந்த மாதிரி இருக்கிறது. என் கடையில் கூச்சத்தில் எடுத்த புடவையை ஏழு நாளைக்குள் கொண்டு வந்தால் மாற்றிக் கொடுக்கிறேன். அப்படி மாற்ற வருகிறவர்களுக்கும் காபி உண்டு. மாற்ற வருபவரை முறைத்துப் பார்க்கிற கடைக்காரனாக இருந்தால் முதல் காபியும் கெட்டுப்போனது என்று அர்த்தம். ரத்து செய்தால் மேனேஜர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள்.

(என் கடையில் காட்டன் புடவைக்கு மட்டும்தான் மாற்று. பட்டுக்கு இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நிலா கேட்டுவிடுவார்.)

வைகைக்கரை · புதன், இரவு 9:50

நடந்ததைச் சொல்கிறேன். "நம்ம பேங்க் ஸ்கீம்" என்றுதான் சொல்லியிருக்கிறார் நிலா, அப்பாவிடம் கேட்டேன்.

அவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. படிவத்தில் "வியாபாரம், 9 லட்சம்" என்று இருப்பதைக் காட்டினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தடவை படித்தார். 37 வருடம் ரயில்வேயில் பொய்க் கணக்கு எழுதாத மனுஷன். "என் கையெழுத்துக்கு மேல பொய்யை எழுதிட்டானே" என்றார். உதவி, நன்றி எல்லாம் அப்புறம்தான் வந்தது. கம்பெனி கிளையில் கடிதம் கொடுத்து சீல் வாங்கிவிட்டோம், 22-ஆம் நாள். மின்னஞ்சலும் போயிற்று.

சாயங்காலமே மேனேஜரிடமிருந்து போன். "உங்களுக்கு நான் எவ்வளவு பண்ணியிருக்கேன் சார்" என்று அந்த வார்த்தையை அவரே சொல்லிவிட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். மறுநாள் காலையில் மார்க்கெட் போய் ஒரு கூடை மாம்பழம் வாங்கிக்கொண்டு பேங்குக்குப் போனார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பியதற்கு என்று சொல்லி மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

பாலிசி பாண்டி · புதன், இரவு 10:15

வாங்கிக்கிட்டாரா?

வைகைக்கரை · புதன், இரவு 10:22

வாங்கிக்கொண்டாராம். காபி மட்டும் வரவில்லை.

பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை, வந்ததும் எழுதுகிறேன். அடுத்த நவம்பருக்குக் கிளைக்கே போக வேண்டாம் என்று, முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கிற ஆப்பை அப்பா போனில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதெல்லாம் வேண்டாம், நேரிலேயே போய் வரிசையில் நிற்கிறேன் என்கிறார்.